65,000 எப்படி 53,946 ஆனது: ஒரு ஜூன் மாதச் சம்பளச் சீட்டு

போன வருஷம், 2025 ஜூலை 5, சனிக்கிழமை. சாயங்காலம் அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் போனை நீட்டினாள். பேங்கில் இருந்து வந்த மெசேஜ்: 53,946 ரூபாய் வரவு.

"மாமா, வேலைக்குச் சேரும்போது மாசம் அறுபத்தஞ்சாயிரம்னு சொன்னாங்க. மூணு மாசமா ஐம்பத்தாறைத் தாண்டவே இல்ல. இந்த மாசம் இன்னும் குறைஞ்சு போச்சு. யாரைக் கேட்டாலும் 'பிடித்தம் போக அவ்ளோதான் வரும்'னு சொல்றாங்க."

அவளுக்கு வேலை திருப்பதிப் பக்கம், ரேணிகுண்டா ரோட்டில். வீடு சித்தூரில்தான். 2022 ஏப்ரலில் ஜில்லாவைப் பிரித்த பிறகு சித்தூர் ஒரு ஜில்லா, திருப்பதி ஒரு ஜில்லா. ஆனால் தினமும் காலையில் பஸ் ஏறுகிறவர்களுக்கு அது ஒரே ஊர் மாதிரிதான். சம்பளப் பட்டியல் போடுவது என் பிழைப்பு என்பதால் சொந்தக்காரப் பிள்ளைகள் சீட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "அவ்ளோதான் வரும்" என்ற பதில் எனக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு விதி இருக்கிறது. அந்த விதியைக் கொண்டு நாமே கணக்குப் போட்டால் சீட்டில் இருக்கும் எண் வரவேண்டும். வராவிட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். அன்று ராத்திரி நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 65,000. அவளுடைய ஆஃபர் லெட்டரை எடுக்கச் சொன்னேன். சி.டி.சி. வருஷத்துக்கு 7,79,916. பன்னிரண்டால் வகுத்தால் 64,993. சி.டி.சி. என்பது சம்பளம் இல்லை. அவளை வேலைக்கு வைத்துக்கொள்ள கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அதற்குள் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,800 இருக்கிறது. கிராஜுவிட்டிக்காக ஒதுக்கி வைக்கும் 1,193 இருக்கிறது (பேசிக்கில் 4.81 சதவீதம்). இரண்டும் அவள் கைக்கு வரும் பணமில்லை. கிராஜுவிட்டியோ ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்து விலகும்போதுதான் கிடைக்கும். இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 62,000. இதுதான் கிராஸ். பேசிக் 24,800, எச்.ஆர்.ஏ. 9,920, ஸ்பெஷல் அலவன்ஸ் 27,280. ஆக, அவள் தேடிக்கொண்டிருந்த பணத்தில் 3,000 ரூபாய் சீட்டுக்குள்ளேயே வராத பணம்.

அடுத்து, ஜூன் மட்டும் ஏன் குறைந்தது? சீட்டின் தலைப்பில் சின்ன எழுத்தில் 'எல்.ஓ.பி. நாள் 1' என்று இருந்தது. பாட்டிக்கு உடம்பு முடியாமல் ஒருநாள் போகவில்லை, லீவு பாக்கி இல்லை, சம்பளம் இல்லாத லீவாகிவிட்டது. ஜூனுக்கு 30 நாள். 62,000-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 2,067. மீதி 59,933. சீட்டில் பேசிக் 23,973, எச்.ஆர்.ஏ. 9,589, ஸ்பெஷல் 26,371. கூட்டினால் அதே 59,933. இங்கே தவறு வந்தால் பெரும்பாலும் வகுக்கும் எண்ணில்தான் வரும். சில கம்பெனிகள் 30-க்குப் பதில் வேலைநாள் 26-ஆல் வகுக்கும். அப்போது ஒருநாள் லீவுக்கு 2,385 போய்விடும். உங்கள் கம்பெனி எதால் வகுக்கிறது என்பதை ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிடித்தங்கள். ஜூன் சீட்டில் மூன்றே மூன்று: பி.எஃப். 1,800, தொழில் வரி 200, டி.டி.எஸ். 3,987. மொத்தம் 5,987. 59,933-இல் கழித்தால் 53,946. கூட்டல் கழித்தல் சரி. ஆனால் கூட்டல் சரியாக இருப்பது வேறு, பிடித்தது சரியாக இருப்பது வேறு.

பி.எஃப். தொழிலாளி பங்கு பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம். சட்டப்படிக் கட்டாயம் என்பது மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும்தான். 2014 செப்டம்பரில் வைத்த உச்சவரம்பு அது. அதற்கு மேலும் பிடிக்கலாம், ஆனால் பல கம்பெனிகள் 15,000-லேயே நிறுத்திவிடும். 15,000-க்கு 12 சதவீதம் 1,800. ஒருநாள் சம்பளம் போன பிறகும் அவளுடைய பேசிக் 23,973, வரம்புக்கு மேலேதான். அதனால் ஜூனிலும் 1,800 சரி.

கம்பெனியும் தன் பங்காக இன்னொரு 1,800 கட்டுகிறது. இது முழுசாக பி.எஃப். கணக்கில் ஏறாது. 15,000-இல் 8.33 சதவீதம், அதாவது 1,250, பென்ஷன் திட்டத்துக்குப் போகும். மீதி 550 மட்டும் பி.எஃப்.இல் சேரும். பாஸ்புக்கைத் திறந்தால் ஒரே மாதத்துக்கு 1,800, 550, 1,250 என்று மூன்று எண் தெரிவது இதனால்தான். "கம்பெனி 550தான் கட்டுது, ஏமாத்துறாங்க" என்று என்னிடம் சண்டைக்கு வந்த பிள்ளைகள் உண்டு. ஒரு விலக்கும் இருக்கிறது. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாக பி.எஃப்.இல் சேரும்போதே சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தவர்களுக்குப் பென்ஷன் திட்டம் கிடையாது, முழு 1,800-ம் பி.எஃப்.க்கே வரவேண்டும். அக்கா மகள் முதலில் சேர்ந்த வேலையில் பேசிக் பத்தாயிரம்தான். அதே யூ.ஏ.என். தொடர்கிறது, அதனால் அவளுக்குப் பென்ஷன் உண்டு.

சீட்டில் பிடித்ததாகப் போட்டால் மட்டும் போதாது, கட்டினார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டியாக வேண்டும். passbook.epfindia.gov.in தளத்தில் பார்க்கலாம். யூ.ஏ.என்.னோடு இணைத்த போனில் இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் கடைசியாகக் கட்டிய தொகை மெசேஜில் வரும். தமிழில் வேண்டுமென்றால் 7738299899-க்கு இப்படி அனுப்பலாம்:

```
EPFOHO UAN TAM
```

அக்கா மகள் அனுப்பினாள். மே மாதத்து 1,800 ஏறியிருந்தது. ஜூன் பணத்துக்கு இன்னும் பத்து நாள் அவகாசம் இருக்கிறது என்று சொன்னேன்.

கூடவே அவள் தம்பியும் வந்திருந்தான். அவனும் தன் சீட்டைக் காட்டினான். அவனுக்கு வேலை வேறொரு ஃபேக்டரியில். கிராஸ் 19,500. பேசிக் 9,000, எச்.ஆர்.ஏ. 4,500, ஸ்பெஷல் அலவன்ஸ் 6,000. ஈ.எஸ்.ஐ. 147; சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் 0.75 சதவீதம், பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றுவார்கள். சரி. தொழில் வரி 150, அதுவும் சரி. பி.எஃப். மட்டும் 1,080. 9,000-த்துக்கு 12 சதவீதம்.

"இந்த ஸ்பெஷல் அலவன்ஸ் எதுக்குத் தர்றாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் வருது மாமா. மாசாமாசம் வருது."

இதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் வருகிற அலவன்ஸ், வேறு பெயர் போட்டாலும் பேசிக்தான் என்று 2019 பிப்ரவரி 28-ஆம் தேதி விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதிக உற்பத்திக்காகவோ, கூடுதலாகச் செய்த வேலைக்காகவோ ஒருவருக்குத் தனியாகத் தருகிறார்கள் என்று கம்பெனி காட்டினால்தான் விலக்கு. எச்.ஆர்.ஏ.வைச் சட்டமே தனியாக விலக்கி வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் அவனுக்கு பி.எஃப். கணக்கிட வேண்டியது 9,000-த்தோடு 6,000 சேர்ந்து 15,000-க்கு. பிடித்தம் 1,800.

"அப்போ கைக்கு இன்னும் 720 குறையுமே" என்றான். குறையும்தான். 18,123 வருகிற இடத்தில் 17,403 வரும். ஆனால் கம்பெனியும் கூடுதலாக 720 கட்டியாக வேண்டும். அதாவது கையில் இருந்து 720 போனால் அவன் பேரில் 1,440 சேரும். பென்ஷனுக்குப் போகும் தொகையும் 750-இல் இருந்து 1,250 ஆகும். முப்பது வருஷம் கழித்துப் பென்ஷன் கணக்கிடும்போது அந்தச் சம்பளம்தான் அடிப்படை. இருபத்து மூன்று வயதில் 720 பெரிய காசு என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கச் சொன்னேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இதே திசையில்தான் போகின்றன. விலக்கப்பட்ட அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியைச் சம்பளத்தோடேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தொழில் வரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆந்திராவில் மாதச் சம்பளம் 15,000 வரை கிடையாது. 20,000 வரை 150, அதற்கு மேல் 200. மாதாமாதம் பிடிப்பார்கள். தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குப் போகும் வரி இது. அதனால் வேலூர், திருத்தணிப் பக்கம் இருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் மாதாமாதம் 200 போவதைப் பார்த்துப் பதறுவார்கள். பதற வேண்டாம். வருஷத்துக்கு 2,400, அரசியல் சட்டப்படி இந்த வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500-ஐத் தாண்டக் கூடாது.

இனி அந்த 3,987. எனக்கு முதல் பார்வையிலேயே இடித்தது இந்த வரிதான். வருஷத்துக்கு ஏழரை லட்சம்கூட வராத பெண்ணுக்கு 2025-26-இல் வருமான வரியே வரக்கூடாது.

கம்பெனி டி.டி.எஸ்.ஐ அந்த மாதச் சம்பளத்தைப் பார்த்துப் பிடிப்பதில்லை. வருஷம் முழுவதும் எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு, அதற்கான வரியைப் போட்டு, ஏற்கெனவே பிடித்ததைக் கழித்து, மிச்சத்தை மீதி மாதங்களுக்குப் பங்கு போடும். ஏப்ரல், மே சீட்டுகளில் டி.டி.எஸ். 4,030. ஜூனில் 3,987. இந்த 43 ரூபாய் வித்தியாசம் ரொம்ப உதவியது. ஒருநாள் சம்பளம் போனதும் வருஷ மதிப்பீடு 2,067 குறைந்து, வரி சுமார் 430 குறைந்து, அது மீதிப் பத்து மாதங்களுக்குப் பங்காகி இருக்கிறது. 2,067-இல் 430 என்பது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்: 20 சதவீத வரியும், அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும். புதிய வரி முறையில் இந்த வருமானத்துக்கு 20 சதவீதம் என்ற படியே வராது. அப்படியென்றால் கம்பெனி அவளைப் பழைய வரி முறையில் வைத்திருக்கிறது.

பழைய முறையில் ஏப்ரல் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

```
ஆண்டுச் சம்பளம்       7,44,000
நிலைக் கழிவு           -50,000
தொழில் வரி              -2,400
பி.எஃப். (80சி)        -21,600
வரிக்குரியது          6,70,000
வரி    12,500 + 34,000 = 46,500
செஸ் 4%                  1,860
மொத்தம் 48,360 ÷ 12 =    4,030
```

ரூபாய் சுத்தமாக அதே 4,030. இரண்டரை லட்சத்தில் இருந்து ஐந்து லட்சம் வரை 5 சதவீதம், அதனால் 12,500. அதற்கு மேல் 1,70,000-க்கு 20 சதவீதம், அதனால் 34,000.

"நீ ஏப்ரல்ல டிக்ளரேஷன் கொடுத்தியா?"

"கொடுத்தேன் மாமா. பி.எஃப்.ஐக் கழிக்கணும்னா ஓல்டு ரெஜிமைத் தொடு, நியூவுல ஒண்ணுமே கழிக்க முடியாதுன்னு ஆபீஸ்ல ஒரு அண்ணன் சொன்னாரு."

அந்த அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. புதிய முறையில் பி.எஃப்., எச்.ஆர்.ஏ., தொழில் வரி எதையும் கழிக்க முடியாது. ஆனால் கழிக்க வேண்டிய அவசியமே இவளுக்கு இல்லை. 2025-26-க்கான புதிய முறையில் நிலைக் கழிவு 75,000. அது போக வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவின் கீழ் 60,000 வரை தள்ளுபடி உண்டு. ஆக, சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவர்களுக்கு 12,75,000 வரை வரி பூஜ்யம். அவளுக்கு 7,41,933-இல் 75,000 போனால் 6,66,933. நாலு லட்சத்துக்கு மேல் 5 சதவீதம் என்று சுமார் 13,347 வரி வரும், தள்ளுபடியில் அது மொத்தமும் அடிபட்டுப் போகும். பழைய முறையில் எத்தனை கழிவு காட்டினாலும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்க முடியாதே! பழைய முறையிலும் தள்ளுபடி இருக்கிறது, ஆனால் ஐந்து லட்சம் வரைக்கும்தான். அங்கே போக அவள் இன்னும் சுமார் 1,68,000-க்குக் கழிவு தேட வேண்டும். அப்பா அம்மாவோடு சொந்த வீட்டில் இருக்கிறாள். வாடகை கிடையாது, அதனால் எச்.ஆர்.ஏ. விலக்கும் கிடையாது. வாடகை ரசீது 'எழுதி' வைத்துக்கொள்ளலாம் என்று அதே ஆபீஸில் யோசனை சொன்னார்களாம். பொய் ரசீதுக்கு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியது இவள்தான். கண்டிப்பாகக் கூடாது என்றேன்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இந்த 12,75,000 கணக்கு சம்பளத்துக்கு மட்டும்தான். டெபாசிட் வட்டி இருந்தால் அதையும் வருமானத்தில் சேர்க்க வேண்டும். பங்கு விற்ற லாபத்துக்குத் தனி விகிதத்தில் வரி, அதற்கு இந்தத் தள்ளுபடி உதவாது. நடுவில் வேலை மாறியவர்கள் பழைய கம்பெனிச் சம்பளத்தைப் புதிய கம்பெனியில் சொல்லவில்லை என்றால், இரண்டு பேரும் தனித்தனியாகப் பூஜ்யம் போட்டுவிட்டு, வருஷக் கடைசியில் மொத்த வரியும் இவர்கள் தலையில் விழும்.

பிடித்த பணம் தொலைந்து போகவில்லை என்பதையும் அவளிடம் சொன்னேன். கம்பெனியிடம் கொடுக்கும் டிக்ளரேஷன் டி.டி.எஸ். பிடிப்பதற்கு மட்டும்தான். எந்த முறை என்று கடைசியாக முடிவு செய்வது ரிட்டர்ன் போடும்போது. வருஷம் முழுக்கப் பழைய முறையில் பிடித்திருந்தாலும், ரிட்டர்னைப் புதிய முறையில் போட்டால் 47,930 ரூபாயும் திரும்ப வரும். ஆனால் அதுவரை மாதம் நாலாயிரம் அரசாங்கத்திடம் முடங்கிக் கிடக்கும். வரி பூஜ்யம்தானே என்று ரிட்டர்ன் போடாமல் விட்டால் பணம் திரும்ப வராது. வருமானம் நாலு லட்சத்தைத் தாண்டினால் வரி இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். தள்ளுபடி கிடைப்பதே அந்தக் கணக்கில்தான்.

திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் போகும்போதே பே ரோல் பிரிவுக்கு மெயில் போட்டாள். நாலு வரி. '2025-26-க்கு டி.டி.எஸ்.ஐப் புதிய வரி முறையில் கணக்கிட வேண்டுகிறேன். ஏப்ரலில் கொடுத்த தேர்வை மாற்றிக்கொள்கிறேன். இதுவரை பிடித்தது 12,047. மீதி மாதங்களுக்குச் சரிசெய்து தரவும்.' வருஷ நடுவில் மாற்ற விடுவதா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி நடைமுறை வேறு. "ஒருமுறை மாத்தலாம், பத்தாம் தேதிக்குள்ள பண்ணுங்க" என்று பதில் வந்தது. விடமாட்டோம் என்று சொல்லியிருந்தால் ரிட்டர்னுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

ஜூலைச் சீட்டு வருவதற்கு முன்பே என்னை உட்கார வைத்து அவளே கணக்குப் போட்டாள். கிராஸ் 62,000. பி.எஃப். 1,800. தொழில் வரி 200. டி.டி.எஸ். இல்லை. ஆகஸ்ட் முதல் தேதி போனில் வந்த மெசேஜ்: 60,000 ரூபாய் வரவு. பைசா வித்தியாசமில்லை.

ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்த வரிக்கான அறிக்கையை கம்பெனி ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் ஆகஸ்ட் கடைசியில் incometax.gov.in தளத்தில் அவளுடைய 26ஏ.எஸ். படிவத்தைத் திறந்து பார்த்தோம். அவள் பேன் எண்ணுக்குக் கீழே மூன்று வரிகள்: 4,030, 4,030, 3,987. கூட்டி 12,047 என்று தன் டைரியில் எழுதி, பக்கத்தில் 'ரிட்டர்ன்ல வாங்கணும்' என்று குறித்துக்கொண்டாள்.